"6 மாசம் தவணை இல்லை" என்றார்கள், எந்த நாளிலிருந்து என்று நான் கேட்கவில்லை

நாளை டிசம்பர் 5. காலையில் 59,545 ரூபாய் என் கணக்கிலிருந்து போகும். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். விட்டால் கோபம் ஆறிப்போய் "சரி, போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன். போனது 1,62,540 ரூபாய். மெஷின் வாங்க டேர்ம் லோன் எடுக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் முழுசாகப் படியுங்கள். என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோவை கணபதிப் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு லேத், ஒரு பழைய மில்லிங், நான், இரண்டு பையன்கள். பம்ப் உதிரிபாகங்கள் ஜாப் ஒர்க் செய்கிறோம். ஒரு கஸ்டமர் "வி.எம்.சி. ஒன்று போட்டுவிடுங்கள், அலுமினிய ஹவுசிங் மொத்தத்தையும் உங்களுக்கே தருகிறோம்" என்றார்கள். வி.எம்.சி. என்பது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின். விலை 32 லட்சம். ஜி.எஸ்.டி. 5.76 லட்சம் தனி. விலையில் நான் 8 லட்சம் போடவேண்டும், மீதி 24 லட்சம் கடன். ஜி.எஸ்.டி.யும் என் கையிலிருந்துதான், பின்னால் கிரெடிட் வரும் என்றாலும்.

கடனுக்கு ஆள் பிடித்துக்கொடுத்தது மச்சானின் சிநேகிதர். லோன் கன்சல்டன்ட் என்று கார்டு வைத்திருந்தார். பேக்கரியில் டீ சொல்லிவிட்டு, மெஷின் கொட்டேஷனைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் ஒரு முனையில் "மெஷின்", மறு முனையில் "இ.எம்.ஐ." நடுவில் 6 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"மெஷின் வந்து ஓடற வரைக்கும் ஒரு ரூபா கட்ட வேண்டியதில்லைங்ணா. ஆறு மாசம் ஹாலிடே. நீங்க சம்பாதிச்சுத்தான் கட்டறீங்க."

அதோடு விட்டாரா? "டீலருக்கு அட்வான்ஸ் 20 பர்சென்ட் கேப்பாங்க. அதையும் ஃபைனான்ஸ்லயே போட்டுடலாம். உங்க காசை எதுக்குங்ணா இப்பவே எடுக்கறீங்க? டூலுக்கு, ஃபிக்ஸ்சருக்கு வெச்சுக்கங்க." எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்தேன். என்னைக் கவிழ்த்தது இந்த ஒரு வார்த்தைதான் என்று தெரிய ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. அவருக்கு 2 சதவீதம், 48,000 ரூபாய், ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கிடையாது. டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

கடன் கொடுத்தது ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி. வட்டி 13.5 சதவீதம், 60 மாதம், அதில் முதல் 6 மாதம் மாரடோரியம், அதாவது அவர் சொன்ன ஹாலிடே, பிறகு 54 தவணை. கத்தை கத்தையாகக் கையெழுத்து. பிப்ரவரி 12 அன்று அட்வான்ஸ் 6.4 லட்சம் நேராக டீலர் கணக்குக்குப் போனது. பட்டறையில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக்கொடுத்தேன். ஆறு மாதக் கடிகாரமும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 5 அன்று 4,971 ரூபாய் கணக்கிலிருந்து போனது. "ஒரு ரூபா கட்ட வேண்டியதில்லைன்னீங்களே" என்று போன் போட்டேன். "அது வட்டிங்ணா. ஹாலிடே அசலுக்குத்தான். சின்ன அமவுண்ட்தானே, விடுங்க" என்றார். விட்டுவிட்டேன். வந்த முதல் அறிகுறியே அதுதான். அன்றைக்கே சாங்ஷன் லெட்டரை எடுத்துப் படித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. ஏப்ரலிலிருந்து 7,200. மீதிப் பணமும் போன பிறகு மாதம் 27,000. விடுமுறை என்று பெயர் வைத்து வட்டி மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள். வட்டியை நான் நஷ்டத்தில் சேர்க்கவில்லை, வாங்கிய பணத்துக்கு வட்டி உண்டுதான். ஆனால் அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

டீலர் 6 முதல் 8 வாரம் என்று எழுதிக்கொடுத்திருந்தார். மெஷின் டெஸ்பாட்ச் ஆனது மே 26. அன்றுதான் மீதி 17.6 லட்சத்தை ஃபைனான்ஸ் கம்பெனி விட்டது, என் 8 லட்சமும் ஜி.எஸ்.டி.யும் அன்றுதான் போனது. கூடுதல் மின் லோடுக்கு நான் விண்ணப்பித்ததே தாமதம், அது என் தப்பு. தளம் போட்டு, லெவல் பார்த்து, கம்ப்ரசர் இணைத்து, சர்வீஸ் இன்ஜினியர் வந்து கையெழுத்துப் போட்டபோது ஜூன் 24.

மெஷின் ஓடினால் காசு வந்துவிடுமா? ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஃபிக்ஸ்சர், அப்புறம் சாம்பிள், அப்புறம் கஸ்டமரின் ஒப்புதல். எங்கள் ஹவுசிங்கில் 52 மி.மீ. துளை, போர் என்போம், எச்7 அளவு. அதாவது 52.000க்கும் 52.030க்கும் நடுவில் இருக்கவேண்டும். ஃபிக்ஸ்சரில் இறுக்கிவைத்து போர் கேஜ் விட்டுப் பார்த்தால் அச்சுப்போல வட்டம். கிளாம்பைத் தளர்த்தியதும் மெல்லிய சுவர் தன் இடத்துக்குத் திரும்பி, ஒரு பக்கம் 52.038 காட்டியது. ஜூலை 16 கொடுத்த சாம்பிள் திரும்பிவந்தது. கிளாம்பை வேறு இடத்தில் பிடிக்கிற மாதிரி ஃபிக்ஸ்சரை மாற்றி, ஆகஸ்ட் 8 மறுபடி கொடுத்து, ஆகஸ்ட் 25 ஒப்புதல். முதல் பில் செப்டம்பர் 27. பணம் 60 நாளில். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புது கஸ்டமரிடம் போய் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் யாருக்குப் போகும்? நவம்பர் 28 அன்று 1,14,000 வந்தது. அந்த மெஷின் சம்பாதித்த முதல் காசு.

ஆனால் மாரடோரியம் ஆகஸ்ட் 12-லேயே முடிந்துவிட்டது. முதல் தவணை செப்டம்பர் 5. அப்போது ஒரு பில் கூடப் போடவில்லை.

செப்டம்பர் 5 பவுன்ஸ். மறுபடி போட்டார்கள், மறுபடி பவுன்ஸ். கிளைக்கு ஓடினேன். அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "ஃபர்ஸ்ட் டிஸ்பர்ஸ்மென்ட் தேதியிலிருந்து ஆறு மாசம் சார். லெட்டர்லயே இருக்கே." கடனில் முதல் பணம் வெளியே போன நாளிலிருந்து என்று அர்த்தம். இருந்தது, மூன்றாம் பக்கத்தில், ஒரே ஒரு வரி. மெஷின் வந்ததே மே கடைசியில்தான் என்றேன். "அது உங்களுக்கும் டீலருக்கும் நடுவுல சார்." மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். மாற்றலாகிப் போய்விட்டாராம், புதியவர் திங்கள்கிழமை வருவாராம். மூன்று திங்கள் போனேன். மூன்றாவது தடவை கிடைத்தவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "தேதியை இப்போ தள்ளினா அது ரீஸ்ட்ரக்சர்னு ஆயிடும், உங்க சிபில்தான் அடிபடும்" என்று எனக்கு நல்லது சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினார். கால் சென்டரில் ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண். கன்சல்டன்ட்? முதலில் "பேசறேன்ங்ணா", பிறகு "மீட்டிங்ல இருக்கேன்", பிறகு ரிங் மட்டும். மச்சானிடம் கேட்டால் "நீங்க படிச்சுப் பார்த்திருக்கணும் மாமா" என்கிறான். அது சரிதான், ஆனால் அவன் வாயிலிருந்தா வரவேண்டும்?

மூன்று ரூபாய் வட்டிக்கு 2 லட்சம் வெளியில் வாங்கி செப்டம்பர், அக்டோபர் தவணைகளையும் பையன்கள் சம்பளத்தையும் கொடுத்தேன். இதுவரை நாலு மாத வட்டி 24,000. நவம்பர் 5 மறுபடி பவுன்ஸ். கையிலிருந்த லேத் ஒன்றை 1,35,000-க்குத் தள்ளினேன். இரண்டு மாதம் முன்னால் அதே ஆள் 2,20,000 சொல்லியிருந்தார், அவசரம் என்று தெரிந்ததும் இறக்கிவிட்டார். அதில் 85,000 நஷ்டம். மூன்று பவுன்ஸுக்கும் தாமதத்துக்கும் 5,540. கன்சல்டன்டுக்கு 48,000. கூட்டிப் பாருங்கள், 1,62,540.

போன வாரம் ஒரு ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க 8 லட்சத்தை ஏன் கடைசியில போட்டீங்க?" அட்வான்ஸ் 6.4 லட்சம்தான். அதை என் பங்கிலிருந்தே டீலருக்குக் கொடுத்திருந்தால், ஃபைனான்ஸ் கம்பெனியின் முதல் ரூபாய் மே 26 அன்றுதான் வெளியே போயிருக்கும். அதே ஆறு மாதம் நவம்பர் 26 வரை வந்திருக்கும். முதல் தவணை நாளைக்கு, டிசம்பர் 5. கஸ்டமர் பணம் நவம்பர் 28-ல் வந்தாயிற்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்படியானால் ஒரு வருட ஹாலிடே கேட்டிருக்கலாமா என்றேன். கேட்கலாம், ஆனால் மொத்தம் 60 மாதத்துக்குள்ளேயே அதை அடக்கினால் 48 தவணைதான் மிஞ்சும், தவணை 65,000 பக்கம் போய்விடும், அதுவும் வேலை இன்னும் முழுசாகப் பிடிக்காத நேரத்தில் என்றார். ஹாலிடேயை 60-க்கு வெளியே வைக்கச் சொல்லிக் கேட்கவேண்டுமாம். இதெல்லாம் பிப்ரவரியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

மணி பதினொன்றரை. விவரமாகச் சொல்கிறேன் என்றேன், முடியவில்லை, காலையில் பையன்கள் ஏழுக்கு வந்துவிடுவார்கள். சுருக்கமாக: "6 மாசம்" என்று யார் சொன்னாலும் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள், மெயிலில் வாங்குங்கள். அட்வான்ஸை உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள், கடன் பணம் டெஸ்பாட்ச் அன்று போகட்டும். மெஷின் வரும் நாளை எண்ணாதீர்கள். சாம்பிள், ஒப்புதல், பில், கஸ்டமரின் கெடு எல்லாம் சேர்த்து முதல் காசு கைக்கு வரும் நாள் வரைக்கும் எண்ணுங்கள். 2024 அக்டோபரிலிருந்து சிறு தொழில் டேர்ம் லோனுக்கு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் கொடுத்தே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தவணை எப்போது ஆரம்பம் என்பதற்கு அதில் ஒரு கட்டமே உண்டு. எனக்கும் கொடுத்தார்கள். அதில்தான் அன்றைக்கு கேசரிப் பொட்டலத்தை வைத்திருந்தேன்.

ரசீது இல்லாமல் யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். கணக்கில் இப்போது 61,200 இருக்கிறது. நாளைக்குப் போதும்.