139(9) நோட்டீஸ் வந்தால் ஆடிட்டரிடம் ஓடும் முன் இதைப் படியுங்கள்

ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போட்டேன். செப்டம்பரில் 139(9) நோட்டீஸ் மெயிலில் வந்தது. பயத்தில் முழுதாகப் படிக்காமல், தெரிந்தவர் சொன்ன ஒரு வரி ஆலோசகரிடம் கொடுத்தேன். "இது பெரிய விவகாரம், ஆள் வைத்துத்தான் முடிக்கணும்" என்று சொல்லி 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் பதில் போட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, முடிந்தது என்றார். நம்பினேன்.

நவம்பர் வந்தும் ரீஃபண்ட் வரவில்லையே என்று நானே போர்ட்டலைத் திறந்து பார்த்தபோதுதான் என் ரிட்டர்ன் செல்லாது என்று ஆகியிருந்தது தெரிந்தது.

அப்போதுதான் நோட்டீஸை நிதானமாகப் படித்தேன். பயப்பட அதில் எதுவுமே இல்லை. 139(9) என்றால் ரிட்டர்னில் குறை இருக்கிறது, 15 நாளுக்குள் சரிசெய்து கொடு என்று அர்த்தம், அவ்வளவுதான். விசாரணை இல்லை, யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதும் இல்லை. என்ன குறை என்பதை அதிலேயே எழுதியிருந்தார்கள்: டிடிஎஸ் பிடித்ததைக் கழித்துக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குரிய வருமானத்தைக் காட்டவில்லை. உண்மைதான். வங்கி வைப்பு வட்டி 84,000 ரூபாய்க்கு 8,400 பிடித்திருந்தார்கள், அந்த 8,400 தானாக ரிட்டர்னில் ஏறிவிட்டது, வட்டியைச் சேர்க்க நான்தான் விட்டுவிட்டேன். எனக்கு 20% வரி என்பதால் செஸ்ஸோடு 17,472 வரும், அதில் 8,400 போக 9,072 நான் கட்ட வேண்டியது. நானோ 8,400 ரீஃபண்ட் கேட்டிருந்தேன்.

குறையை ஒப்புக்கொண்டு, வட்டியைச் சேர்த்து, வரியைக் கட்டி, அந்த நோட்டீஸுக்கான பதிலாகவே திருத்திய ரிட்டர்னை ஏற்றியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆலோசகர் செய்தது என்ன தெரியுமா? `Disagree` அழுத்தி, "ரிட்டர்ன் சரியாக உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டார். என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையோ என் வங்கிக் கணக்கையோ அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 31க்குள் தாமத ரிட்டர்ன் போட்டேன். 9,072 ரூபாய், அதற்கு வட்டி, மேலே 5,000 தாமதக் கட்டணம். ஆலோசகர் இப்போது போன் எடுப்பதில்லை.

நோட்டீஸ் வந்தால் முதலில் பிரிவு எண்ணையும் தேதியையும் பாருங்கள், 15 நாள் போதாது என்றால் அது முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்கலாம். அப்புறம் குறை விவரத்தை 26ஏஎஸ்ஸோடு வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். உங்களிடம் தவறே இல்லை என்று ஆதாரம் இருந்தால் மட்டும் `Disagree`. வேறு யாராவது பதில் போட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு விடாதீர்கள், `Pending Actions` கீழே `e-Proceedings` போய், என்ன எழுதி அனுப்பியிருக்கிறார் என்பதை 15 நாள் முடிவதற்குள் நீங்களே திறந்து படியுங்கள்.