ஒரு படத்தில் கோபுரம், இன்னொன்றில் கட்டைவிரல்: ஊரில் இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒரே இரவு

வெளிநாட்டில் 14 வருஷமாக எக்ஸ்ரே அறையில்தான் எனக்கு வேலை. ஊருக்கு வரும் மூன்று வாரமாவது அந்த இருட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். இந்த முறை நான்காம் நாளே நடு ராத்திரியில் தங்கை கதவைத் தட்டினாள். "அக்கா, இவன் இருமறதக் கேளு. நாய் குரைக்கிற மாதிரி இருக்கு."

பையனுக்கு 20 மாசம், எடை 11 கிலோ. இரண்டு நாளாகச் சளி, லேசான காய்ச்சல். தூங்கப் போகும்போது நன்றாகத்தான் இருந்தான். இப்போது கரகரத்த குரைப்பு இருமல், அழுதால் குரலே கம்மிப்போகிறது, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் "கீ" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை டாக்டர்கள் ஸ்ட்ரைடார் என்பார்கள். தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்கியது, அழ ஆரம்பித்தால் கூடியது. தண்ணீர் கொடுத்தோம், குடித்தான். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ராத்திரியில் கதவைத் திறந்து உடனே உள்ளே விட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் டூட்டி டாக்டர் குழந்தையை முழுசாகப் பார்ப்பதற்குள்ளேயே "முதலில் கழுத்து எக்ஸ்ரே" என்று சீட்டு எழுதிவிட்டார். மூச்சுத் திணறும் குழந்தையைத் தனியாக ஒரு டெக்னீஷியனிடம் அனுப்பினார்கள். கூட டாக்டரோ நர்ஸோ ஆக்சிஜனோ எதுவும் வரவில்லை. அந்தத் தம்பி நல்ல பையன், ஆனால் மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார். படுத்த மறுநிமிஷமே "கீ" சத்தம் இரட்டிப்பானது. நான் தூக்கி உட்கார வைத்தேன். தங்கை மடியில் வைத்து, நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்தோம். பக்கவாட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் அவன் அழுதுகொண்டே தலையைத் திருப்பிவிட்டான். சரி போகட்டும் என்று விட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் சீட்டு கைக்கு வந்தது: "தம்ப் சைன் தெரிகிறது. எபிக்ளாட்டைட்டிஸ் சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்."

மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடிய நோய் அது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. தங்கைக்கு அந்த வார்த்தை தெரியாததால் அவள் என்னைவிடத் தைரியமாக இருந்தாள்.

இந்த இரண்டு படங்களிலும் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் குரல்நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழாய் தொடங்கும் இடத்தில் கிரிகாய்டு என்ற குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. மூச்சுக்குழாயின் மற்ற வளையங்கள் பின்பக்கம் திறந்திருக்கும், இது மட்டும் முழு வட்டம். சின்னக் குழந்தைகளுக்கு இப்படிக் குரைப்பு இருமலைக் கொண்டுவரும் க்ரூப் என்ற நோய் பெரும்பாலும் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸால் வருவது. அதில் சரியாக இந்த இடத்தில்தான் உட்சவ்வு வீங்கும். வெளியே விரிய வழியில்லாததால் வீக்கம் முழுக்க உள்பக்கம்தான் போகும். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர், அதாவது காற்று போகும் பரப்பில் கால் பங்கு. அதே வீக்கம் பெரியவருக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

நேராக எடுத்த படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். சாதாரணக் குழந்தைக்குக் குரல்நாண்களுக்குக் கீழே அந்தக் கறுப்புக் குழாயின் இரண்டு ஓரங்களும் சட்டென்று வெளியே வளைந்து, மனிதத் தோள் மாதிரி இருக்கும். க்ரூப்பில் அந்தத் தோள் காணாமல் போய், குழாய் மேலே போகப்போக ஒடுங்கி ஊசிமுனையாக முடியும். மாதா கோயில் கூர்க்கோபுரத்தின் உச்சி மாதிரி இருப்பதால் ஸ்டீப்பிள் சைன். பெயர் கோபுரமாக இருந்தாலும், கோபுரத்தைத் தேடாமல் தோள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம், அப்படிப் பார்த்தால் கண் ஏமாறுவது குறைவு.

தம்ப் சைன் பக்கவாட்டுப் படத்துக்கு உரியது. விழுங்கும்போது மூச்சுப்பாதையை மூடும் எபிக்ளாட்டிஸ் என்ற மடல் அதில் நாக்கின் அடிக்குப் பின்னால் மெல்லிய இலை மாதிரி தெரியும். பாக்டீரியாத் தொற்றில் அது வீங்குவதுதான் எபிக்ளாட்டைட்டிஸ், அப்போது அது கட்டைவிரலைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் உருண்டுபோகும். அதோடு அதிலிருந்து பின்னால் இறங்கும் மடிப்புகளும் தடிக்கும். நாக்கின் அடிக்கும் அந்த மடலுக்கும் நடுவே கறுப்பாக இருக்கும் சின்னக் காற்றுப் பள்ளமும் மூடிப்போகும். முன்பு ஹிப் என்று சுருக்கிச் சொல்லும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி வகைக் கிருமிதான் குழந்தைகளிடம் இதற்கு முக்கியக் காரணம். அதற்கான தடுப்பூசி பரவிய பிறகு குழந்தைகளுக்கு வருவது மிகவும் குறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் தம்ப் சைன் பார்த்தது இரண்டே தடவை, இரண்டு பேரும் நடுவயதுக்காரர்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பக்கவாட்டுப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எபிக்ளாட்டிஸ் அகலமாகத்தான் இருந்தது. ஆனால் தாடை எலும்பின் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இரண்டு கோடாகத் தனித்தனியே தெரிந்தன. தலை திரும்பியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சின்னக் குழந்தைகள் பலருக்கு எபிக்ளாட்டிஸ் இயல்பாகவே ஓமேகா எழுத்துப்போல் இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டிருக்கும். அதைச் சாய்வாகப் படமெடுத்தால் இடது ஓரமும் வலது ஓரமும் விலகி நின்று, ஒரே தடித்த மடல் என்று நினைக்க வைக்கும். அடுத்து கீழே இறங்கும் மடிப்புகளைப் பார்த்தேன், மெல்லிய கோடு. நாக்கடிப் பள்ளத்தில் காற்று இருந்தது. தொண்டையின் கீழ்ப்பகுதி காற்றால் உப்பியிருந்தது. கீழே அடைப்பு இருந்து குழந்தை பலமாக மூச்சிழுத்தால் அப்படி உப்பும், க்ரூப்பில் இது அடிக்கடி தெரியும். பிறகு நேர்ப் படத்தை எடுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் தோள் இல்லை.

ஆனாலும் நேர்ப் படத்தில் கோபுரம் இருக்கிறது என்று நிம்மதியாகிவிட முடியாது. எபிக்ளாட்டைட்டிஸில் வீக்கம் கீழே இறங்கினாலும் அதே கோபுரம் வரலாம். மூச்சுக்குழாயிலேயே பாக்டீரியா பிடித்து சீழ் படியும் நோயிலும் வரும், அப்போது குழாய்ச் சுவர் வழவழப்பாக இல்லாமல் பிசிறாகத் தெரியும், காய்ச்சல் கொதிக்கும். இன்னொரு பக்கம், க்ரூப் உள்ள பல குழந்தைகளுக்குக் கோபுரம் தெரியவே தெரியாது. மூச்சு விடும் எந்தக் கட்டத்தில் படம் விழுந்தது என்பதைப் பொறுத்துக் குறுகல் கூடும், குறையும்.

அதனால் கடைசியில் நான் நம்பியது குழந்தையைத்தான். எபிக்ளாட்டைட்டிஸ் என்றால் சில மணி நேரத்தில் காய்ச்சல் ஏறி, விழுங்க முடியாமல் எச்சில் வழியும். கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, தாடையை நீட்டி அசையாமல் உட்காரும். பேச்சு வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும், குரைக்கும் இருமல் பெரும்பாலும் இருக்காது. நம் ஆள் குரைத்தான், எச்சில் ஒழுகவில்லை, வீட்டில் தண்ணீர் குடித்திருந்தான், என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தான்.

முதல் ஆஸ்பத்திரிமேல் எனக்குள்ள குறை அவர்கள் படத்தைத் தவறாகப் படித்தது இல்லை. அது யாருக்கும் நடக்கும், சந்தேகம் வந்ததும் அனுப்பிவைத்ததும் சரி. ஆனால் எபிக்ளாட்டைட்டிஸ் என்று உண்மையாகவே நினைத்திருந்தால், எந்த நிமிஷமும் மூச்சுப்பாதை அடைபடக்கூடிய குழந்தையை எங்கள் காரில் தனியாக அனுப்பியது எப்படி? கிளம்பும்முன் "தொண்டையை ஒரு பார்வை" என்று நாக்கை அழுத்தும் குச்சியோடு வேறு வந்தார்கள். அந்த நோயில் குச்சி பட்டு, குழந்தை அழுது, அங்கேயே மூச்சு நிற்கலாம் என்பதால் நான் விடவில்லை. அப்படிப்பட்ட குழந்தையைப் படுக்க வைக்காமல், அழவிடாமல், அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு, மயக்க டாக்டரையும் காது மூக்கு தொண்டை டாக்டரையும் கூப்பிட்டு, ஆபரேஷன் தியேட்டரில்தான் குழாய் போட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கவே அனுப்பக்கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் அவனையே ஒரு நிமிஷம் பார்த்தார். நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பதை, சும்மா இருக்கும்போதும் சத்தம் வருவதை, உதட்டின் நிறத்தைக் கவனித்தார். "க்ரூப்தான்மா, கொஞ்சம் கடுமையாவே இருக்கு" என்றார். நான் படத்தை நீட்டினேன். "மருந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கணக்கில், 11 கிலோவுக்கு 6.6 மில்லிகிராம். ஊசி போட்டு அழ வைக்காமல் வாய்வழியாகவே கொடுத்தார்கள். அட்ரினலின் நெபுலைசரில்: ஆயிரத்தில் ஒரு பங்கு கரைசல், கிலோவுக்கு அரை மில்லி, உச்ச அளவு 5 மில்லி. இவனுக்குக் கணக்கு 5.5 வந்தாலும் 5 மில்லியோடு நிறுத்தினார்கள். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் தங்கையையே பிடிக்கச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் "கீ" அடங்கியது.

தங்கை உடனே பையை எடுத்தாள். டாக்டரம்மா விடவில்லை. அட்ரினலின் வீக்கத்தைச் சுருக்குவது இரண்டு மணி நேரம்தான், அது இறங்கும்போது சத்தம் திரும்பி வரலாம், அதற்குள் டெக்ஸாமெத்தசோன் வேலை செய்ய ஆரம்பிக்க வேண்டும் என்று விளக்கி நான்கு மணி நேரம் வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் படங்களைப் பார்த்தார். நேர்ப் படத்தைக் காட்டி, "இதுதான் பாடப்புத்தகக் கோபுரம். ஆனா இது இல்லேன்னாலும் இதே மருந்துதான் கொடுத்திருப்பேன்" என்றார். இப்படிப்பட்ட குழந்தைக்கு அவர் படமே கேட்பதில்லையாம். வெளிப்பொருள் ஏதாவது சிக்கியிருக்குமோ என்ற சந்தேகம், திரும்பத் திரும்ப வருவது, மருந்துக்கு மசியாதது, அந்த மாதிரி இருந்தால்தான் கேட்பாராம்.

விடிகாலையில் வீட்டுக்கு வந்தோம். குரைப்பு இன்னும் இரண்டு ராத்திரி இருந்தது, மூச்சுச் சத்தம் திரும்பவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் முதல் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய், அந்த டெக்னீஷியன் தம்பியைப் பார்த்தேன். பக்கவாட்டுப் படத்தைக் கையில் கொடுத்து, தாடை எலும்பு இரண்டு கோடாக இருப்பதைக் காட்டினேன். "படுக்க வைக்கக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்லக்கா" என்றார். அவர் அறை மூலையில் உட்காரும் ஸ்டூல் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.