ஒரு தண்ணீர் பாட்டில், மூன்று வழிகள்: எது எதைவிட மேல்?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எடை இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 என்ற எண்ணும் PET என்ற எழுத்துகளும் இருக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகு இதற்கு மூன்று வழிகள் உண்டு. மறுபடியும் பாட்டிலாகலாம், பாலியஸ்டர் சட்டையாகலாம், அல்லது பாதியாக வெட்டப்பட்டு வீட்டு மாடியில் கீரைத் தொட்டியாகலாம். முதலாவது மறுசுழற்சி. இரண்டாவது டவுன்சைக்கிளிங், அதாவது தரம் இறங்கும் மறுசுழற்சி. மூன்றாவதை அப்சைக்கிளிங், அதாவது தரம் ஏற்றுதல் என்கிறார்கள். மூன்றையும் நாம் "மறுசுழற்சி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் மூன்றும் போய்ச் சேரும் இடம் வேறு வேறு.

முதல் வழிதான் கடினமானது. அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காயலான் கடையில் எடைக்குப் போட்ட பாட்டில்கள் ஆலைக்குப் போகின்றன. அங்கே முதலில் நிறம் பிரிப்பார்கள். பச்சை பாட்டிலிலிருந்து நிறமில்லாத பாட்டில் செய்ய முடியாது, ஏனென்றால் கலந்த சாயத்தை உருக்கினாலும் பிரித்தெடுக்க முடியாது. அப்புறம் சிறு சில்லுகளாக நொறுக்கி, வெந்நீரில் காரம் கலந்து கழுவி, தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். பாட்டில் சில்லு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். மூடி வேறு பிளாஸ்டிக், தண்ணீரைவிட லேசானது. இதை வகுப்பறையிலேயே ஒரு பக்கெட் தண்ணீரில் செய்து பார்க்கலாம். ஆனால் பி.வி.சி. லேபிள் இருந்தால் சிக்கல். அதுவும் பாட்டிலைப் போலவே மூழ்கிவிடும். உருக்கும்போது அமிலம் கக்கி மொத்தக் கலவையையும் மஞ்சளாக்கும்.

அடுத்தது உருக்குதல். வெப்பம் சுமார் 260 டிகிரி செல்சியஸ். இங்கேதான் தரம் இறங்குகிறது. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் இடியாப்ப இழைகள் மாதிரி நீளமானவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் பாட்டில் உறுதியாக இருக்கிறது. சில்லில் துளி ஈரம் இருந்தாலும், அந்தச் சூட்டில் தண்ணீர் அந்த இழைகளை வெட்டிவிடும். இடியாப்பம் சேமியாத் துண்டு ஆகிவிடும். அதனால் உருக்குவதற்கு முன் பல மணி நேரம் சுடுகாற்றில் காயவைத்து, ஈரத்தைப் பத்து லட்சத்தில் ஐம்பது பங்குக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். அப்படியும் இழைகள் கொஞ்சம் குட்டையாகிவிடும்.

பாட்டில் ஊதுவதற்கு நீள இழைகள் வேண்டும். குட்டை இழைகள் இருந்தால் பாட்டில் பலம் குறைந்து போகும். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. உருகாத அளவுச் சூட்டில், 200 டிகிரிக்கு மேல், காற்று நீக்கிய கலத்தில் மணிக்கணக்கில் வைத்தால் குட்டை இழைகள் மறுபடி ஒட்டிச் சேர்ந்து நீளமாகும். இதைச் செய்தால் பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். செலவும் மின்சாரமும் கூடும், ஆனால் வட்டம் மூடுகிறது. என் கணக்கில் உண்மையான மறுசுழற்சி இதுதான்.

இரண்டாவது வழிக்கு இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம். நூல் இழுக்கக் குட்டை இழைகளே போதும். கொஞ்சம் நிறம் கலந்திருந்தாலும் பரவாயில்லை, சாயம் போட்டு மறைத்துவிடலாம். அதனால்தான் பாட்டில்களில் பெரும்பங்கு இழையாக, தலையணைப் பஞ்சாக, அட்டைப்பெட்டி கட்டும் பட்டையாக மாறுகிறது. "இத்தனை பாட்டிலிலிருந்து செய்த டி-சர்ட்" என்று துண்டுச்சீட்டு தொங்கும் சட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் பருத்தியோடு கலந்து நெய்த சட்டையைத் திரும்பப் பாட்டிலாக்குவது மிகக் கடினம். இரண்டு நாரையும் பிரிப்பதற்கே பெரும் செலவாகும். துவைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிழைகளும் தண்ணீரோடு போகின்றன. கிழிந்தால் கடைசியில் குப்பைமேடுதான். அதாவது ஒரு படி இறங்கி நின்றுவிடுகிறது.

இறங்குவது என்றால் கெட்டது என்று நினைக்க வேண்டாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக் பை, உறை போன்றவற்றைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவுவார்கள். அது உருகிக் கல்லில் படலமாக ஒட்டும், அதன்மேல் தார் கலப்பார்கள். ஒரு பை சாலைக்குள் போனால் மறுபடி பையாக வராது, எனவே இதுவும் தரம் இறங்கும் மறுசுழற்சிதான். ஆனால் அழுக்கான மெல்லிய பையை யாரும் மறுபடி பையாக்குவதும் இல்லை. எனவே இங்கே இறங்குவதே அதற்குக் கிடைத்த சிறந்த வழி. நல்ல தெளிவான பாட்டில் சட்டையாவது அப்படியல்ல. அதற்கு மேலான வழி இருந்தது.

இங்கே பொருளின் குணமும் முக்கியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதில் அறுபடும் இழைகள் கிடையாது, அதனால் எத்தனை முறை உருக்கினாலும் அலுமினியமாகவே இருக்கும். பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 95 சதவீத ஆற்றல் மிச்சம். காகிதம் நேர் எதிர். கூழாக்கும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகும், ஐந்து ஆறு சுற்றுக்கு மேல் தாங்காது. நோட்டுத் தாள் அட்டையாக, அட்டை முட்டைத் தட்டாக இறங்கிக்கொண்டே போகும்.

சரி, மூன்றாவது வழி. அப்சைக்கிளிங்கில் பொருளை உருக்குவதில்லை. கைவேலையும் யோசனையும் சேர்ந்து மதிப்பு ஏறுகிறது. இதற்குப் பாட்டிலைவிட நல்ல எடுத்துக்காட்டு வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மாவின் பழைய பட்டுப்புடவையைக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடையாகத் தைத்தால் அப்சைக்கிளிங். பழைய நூல்புடவையைக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டால் தரம் இறங்குகிறது. தெருவில் "பழைய பட்டுப்புடவை" என்று கூவி வாங்குகிறவரிடம் கொடுத்தால் சரிகையிலுள்ள வெள்ளி மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு மறுபடி வெள்ளியாகும், பட்டு போய்விடும். அப்படியே தூளியாகக் கட்டினால்? அது எதுவுமே இல்லை, வெறும் மறுபயன்பாடு. கோலி சோடா பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவது போல. உருக்கும் செலவோ வெட்டித் தைக்கும் வேலையோ இல்லாததால் இந்த மூன்றையும்விட அது மேல் என்றே நான் சொல்வேன்.

பாட்டிலை வெட்டிச் செய்யும் கீரைத் தொட்டிக்கு வருவோம். பள்ளிக் கண்காட்சியில் அதிகம் பார்ப்பது இதுதான், அதிகம் தவறுவதும் இதில்தான். பெயின்ட் அடித்து, மினுக்குத் தூள் ஒட்டி, பசை போட்டுச் செய்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டில் இனி எந்த ஆலையிலும் சில்லாகப் போக முடியாது. வெட்டி மண் நிரப்பினாலும், வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நிறம் மங்கி நொறுங்கத் தொடங்கும். பெயின்ட் இல்லாமல், பசை இல்லாமல், ஒரு பருவத்துக்கு மட்டும் கீரை வளர்த்து, அப்புறம் மண்ணைக் கொட்டிக் கழுவிக் காயலான் கடைக்கு அனுப்பினால் முதல் வழி இன்னும் திறந்தே இருக்கும். அனுப்பும்போது மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுங்கள்.