அப்பாவின் பெயரை நீக்கப் போனபோது: மயிலாடுதுறையில் மூன்று வாரம்

அப்பா ஐப்பசியில் காலமானார். காரியம் முடிந்ததும் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். வங்கி வேலையை அம்மாவால் தனியாகச் செய்ய முடியாது என்று தெரிந்து, பொங்கலுக்கு மூன்று வாரம் விடுப்பு போட்டுக்கொண்டு மயிலாடுதுறை போனேன். மூன்று வாரம் தாராளம் என்று நினைத்திருந்தேன். பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல், இரண்டாம் சனி, நான்காம் சனி, ஞாயிறுகள் போக எண்ணிப் பார்த்தால் வங்கி திறந்திருந்தது 13 நாள்தான்.

வேலை இரண்டு. ஒன்று, அப்பா முதல் பெயர், அம்மா இரண்டாம் பெயர் என்று இருந்த சேமிப்புக் கணக்கு. அப்பாவின் ஓய்வூதியம் இதில்தான் வந்துகொண்டிருந்தது. மற்றது, அதே கிளையில் இருவர் பெயரிலும் போட்டிருந்த மூன்று லட்ச ரூபாய் நிரந்தர வைப்பு. கார்த்திகையிலேயே முதிர்ந்துவிட்டது. கிளை ஒன்று, பெயர்கள் அதே இரண்டு. ஆனால் முதல் வேலை நான்கு நாளில் முடிந்தது. இரண்டாவது, நான் ஊரில் இருந்தவரை முடியவில்லை. எல்லாம் கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'யார் இயக்கலாம்' என்ற கட்டத்தில் அப்பா எங்கே டிக் அடித்தார் என்பதால் வந்தது.

முதல் நாள் கவுன்டரில் இருந்த பையன், "பெயர் எடுக்கணுமா?" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார். கூட்டுக் கணக்கிலிருந்து ஒருவரை விலக்கும் படிவம். அதில் எல்லாக் கணக்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், விலகுபவர் உட்பட. அப்பா கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படிவம் உயிரோடிருப்பவர்களுக்கானது. மகள் கல்யாணமாகிப் போனாள், அண்ணன் தம்பி தனித்தனியாகப் பிரிந்தார்கள், ஒருவர் வெளிநாடு போனார் என்று 'காரணம்' என்ற வரியில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது. ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் பெயரை எடுக்க மாட்டார்கள். கணக்குதாரர் இறந்திருந்தால் அது பெயர் நீக்கமே அல்ல. உயிரோடிருப்பவர் தரும் உரிமைக் கோரிக்கை. அதற்குப் படிவமே வேறு. கவுன்டரில் "பெயர் நீக்க வேண்டும்" என்று ஆரம்பிக்காமல் "கணக்குதாரர் இறந்துவிட்டார்" என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

சேமிப்புக் கணக்கு 'ஐதர் ஆர் சர்வைவர்'. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவருக்குப் பணம் கொடுக்கலாம் என்று அர்த்தம். அதனால் வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை. நாங்கள் பிள்ளைகள் கையெழுத்தும் தேவைப்படவில்லை. கோரிக்கைப் படிவம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், அம்மாவின் ஆதார், பான், இரண்டு புகைப்படம், பழைய பாஸ்புக், மீதியிருந்த காசோலைத் தாள்கள், அப்பாவின் ஏடிஎம் அட்டை. இவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது, அம்மாவின் முதலெழுத்தால். பாஸ்புக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் தாத்தா பெயரின் முதலெழுத்து. நம் வீடுகளில் அம்மாக்கள் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். போகுமுன் ஊரிலிருந்தே பாஸ்புக், ஆதார், பான், இறப்புச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லியிருந்தால் இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகும் ஒரு மாத ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தது. உறவினர் ஒருவர், "அட்டை இருக்கே, எடுத்துக்குங்க அத்தை" என்று சொல்லியிருக்கிறார். அம்மா எடுக்கவில்லை. இறந்த நாளுக்குப் பிந்தைய ஓய்வூதியத்தைக் கருவூலம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். எடுத்துச் செலவழித்திருந்தால், குடும்ப ஓய்வூதியம் வரும்போது அதில் கழிப்பார்கள். இறந்தவரின் அட்டையை வீட்டார் பயன்படுத்துவதும் கூடாது.

நான்காம் நாள் அதே கணக்கு எண்ணோடு அம்மா பெயரில் புதுப் பாஸ்புக் கிடைத்தது. அப்போதே மூன்று விஷயம் சரிபார்த்தேன். குறுஞ்செய்தி இன்னும் அப்பாவின் கைபேசிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா எண்ணுக்கு மாற்றினோம். வட்டிக்கு அப்பாவின் பான் இருந்தது, அம்மாவுடையதைச் சேர்த்தோம். நியமனதாரர் கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினோம்.

இனி வைப்புத்தொகை. அதில் 'ஜாயின்ட்லி' என்று இருந்தது. இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்பது மட்டும்தான் அதன் பொருள். 'சர்வைவர்' என்ற சொல்லே இல்லை. அதனால் அப்பா இறந்ததும் அவர் இடத்துக்கு அவருடைய வாரிசுகள் எல்லோரும் வந்துவிட்டோம்: அம்மா, நான், டொரன்டோவில் இருக்கும் தம்பி. நியமனதாரர் இருந்திருந்தால் என்று மேலாளரிடம் கேட்டேன். "இருந்தாலும் இதுக்கு உதவாது மேடம். கூட்டுக் கணக்குல எல்லாரும் காலமான பிறகுதான் நாமினி வருவார்" என்றார். இது எனக்கு அதுவரை தெரியாது.

கேட்டவை: வாரிசுச் சான்றிதழ், மூவரின் அடையாளச் சான்றுகள், நட்டம் வந்தால் ஈடு செய்வதாக ஒரு பத்திரம், அம்மாவே பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் தம்பியும் எழுதித்தரும் விட்டுக்கொடுப்புக் கடிதம். தொகை அந்த வங்கியின் வரம்புக்குள் இருந்ததால் நீதிமன்றச் சான்று கேட்கவில்லை. இ-சேவை மையத்தில் அன்றே விண்ணப்பித்தோம். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரித்தார், பிறகு ஆர்.ஐ., பிறகு தாசில்தார். சான்றிதழ் வர 16 நாள். தம்பியின் கையெழுத்து அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பமாகி அசல் தாளாக வரவேண்டும் என்றார்கள், ஸ்கேன் போதாது. அதற்குள் என் விமானம் வந்துவிட்டது. என் கடிதத்தை மட்டும் மேலாளர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மாவின் கணக்கில் என் பெயரைச் சேர்த்தோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை, உள்ளூரில் இருப்பவரின் சேமிப்புக் கணக்கில் 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில் சேர்க்க 2014 முதல் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் பணம் அம்மாவுடையது. அவருக்காக உள்ளூர்ச் செலவுகளைச் செய்யத்தான் நான் இயக்கலாம். அப்படியொரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள். அம்மாவுக்குப் பின் அது என்னிடம் வந்தால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். என்னுடைய என்.ஆர்.ஓ. கணக்கில் அம்மாவைச் சேர்ப்பதென்றால் முறை வேறு: 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' மட்டும்தான், நான் இருக்கும்வரை நானே இயக்க வேண்டும். வெளிநாட்டு முகவரியை மறைத்து, பழைய ஆதார் முகவரியைக் காட்டிச் சேர்ந்துகொள்ள ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள். பின்னால் கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டைக் கேட்டால், கணக்கு முடங்கி அம்மாதான் பணமில்லாமல் நிற்பார்.

தம்பியின் கடிதம் மாசி முதல் வாரத்தில் ஊர் சேர்ந்தது. எல்லாத் தாளும் சேர்ந்த பிறகு ஒன்பதாம் நாள் பணம் அம்மா கணக்குக்கு வந்தது. அதையே மறுபடி வைப்பாகப் போட்டார், இந்த முறை அம்மா முதல் பெயர், நான் இரண்டாம் பெயர். படிவத்தை நிரப்புமுன் அம்மா கிளையிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, "எந்தக் கட்டம்மா?" என்று கேட்டார். கட்டத்தைச் சொன்னேன். ஒருவர் இறந்தால் முதிர்வுக்கு முன்பே மற்றவர் தனியாக முடித்துக்கொள்ளச் சம்மதம் தரும் வரி கீழே இருக்கும், அதிலும் டிக் அடித்து, எனக்கான கையெழுத்துத் தாளைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். நேற்று வந்து சேர்ந்தது.