செட்டாக விற்று உதிரியாக அனுப்புகிறீர்களா? எங்களுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடுங்கள்

நாங்கள் கண்காணிப்புக் கேமரா செட் விற்கிறோம். ஒரு செட்டில் 4 கேமரா, 1 ரெக்கார்டர், 1 ஹார்ட் டிஸ்க், 1 பவர் சப்ளை, 8 கனெக்டர். வாடிக்கையாளருக்கு ஒரே பெயர், ஒரே விலை. கோடவுனில் மட்டும் அது ஐந்து விதமான பொருளாகப் பிரிய வேண்டும். இதற்காகத்தான் ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இஆர்பி மென்பொருள் போட முடிவு செய்தோம். அமைத்துத் தர ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்கள் எதைச் சோதிக்காமல் ஒப்படைத்தார்கள், அதனால் எங்கள் பணம் எங்கே நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் இதே டெமோவைத்தான் உங்களுக்கும் காட்டுவார்கள்.

டெமோ பார்க்க அழகாகவே இருந்தது. ஆர்டரில் ஒரு வரி: கேமரா செட், எண்ணிக்கை 1. உறுதி செய்தவுடன் டெலிவரிச் சீட்டில் ஐந்து வரிகள். எல்லாவற்றையும் அனுப்பியதாகக் குறித்ததும் ஸ்டாக் ஐந்திலும் குறைந்தது, பில் மறுபடி ஒரே வரியாக வந்தது. "விலை மேலே, பொருள் கீழே, நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம் சார்" என்றார் வந்தவர். இந்த வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஓடூவில் BoM எனும் உதிரிப் பட்டியலின் வகையை Kit என்று வைப்பார்கள், இஆர்பிநெக்ஸ்டில் Product Bundle என்பார்கள். வசதியில் பொய் இல்லை. ஆனால் ஐந்தும் முழுதாக, ஒரே நாளில், ஒரே வண்டியில் போகிற ஆர்டரை மட்டுமே எங்களுக்குக் காட்டினார்கள். எங்கள் ஆர்டர்களில் பாதி அப்படிப் போவதில்லை. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தோம்.

இனி நடந்தது. விலைகளைச் சுலபமான எண்ணாக மாற்றிச் சொல்கிறேன், செட் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் 10 செட் கேட்டார், ஆக 1000. கோடவுனில் 40 கேமரா, 10 ரெக்கார்டர், 10 பவர் சப்ளை, 80 கனெக்டர் எல்லாம் இருந்தன. ஹார்ட் டிஸ்க் மட்டும் 6. வேலை நிற்கக் கூடாது, கேமராவை மாட்டத் தொடங்கிவிடலாம் என்று வாடிக்கையாளரே கேட்டதால் இருப்பதை அனுப்பினோம்.

எங்கள் மென்பொருளில் பில், டெலிவரி ஆன எண்ணிக்கைக்குத்தான் வரும்படி வைத்திருந்தார்கள். சரி, எத்தனை செட் டெலிவரி ஆனது என்று மென்பொருள் எப்படிக் கணக்கிடும்? செட் என்பது கோடவுனில் இல்லாத பொருள். அதனால் ஒவ்வொரு உதிரியையும் எடுத்து, போன எண்ணிக்கையை ஒரு செட்டுக்குத் தேவையானதால் வகுக்கும். கேமரா 40ஐ 4ஆல் வகுத்தால் 10. ரெக்கார்டர் 10. பவர் சப்ளை 10. கனெக்டர் 80ஐ 8ஆல் வகுத்தால் 10. டிஸ்க் 6. இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் டெலிவரி ஆன செட். அதாவது 6. பில் 600க்கு வந்தது.

இதுவரை தவறு என்று சொல்ல முடியாது. மீதி 4 டிஸ்க் போனதும் எண்ணிக்கை 10 ஆகும், மீதி 400க்கும் பில் வரும். ஆனால் டெலிவரியைக் குறிக்கும்போது, மீதிக்குத் தனியாக நிலுவைச் சீட்டு உருவாக்கவா, வேண்டாமா என்று மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். எங்கள் ஸ்டோர் கீப்பர் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருந்த டிஸ்க் எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, வந்ததும் கையெழுத்துச் சலான் போட்டு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பயிற்சியில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பயிற்சிக்கு நாங்கள் தனியாகப் பணம் கட்டியிருந்தோம்.

ஒரு வாரத்தில் டிஸ்க் வந்தது, கையெழுத்துச் சலானில் போயும் விட்டது. மென்பொருளுக்குத் தெரியாது. அதன் கணக்கில் 6 போனது, 6க்கு பில் ஆனது, இந்த ஆர்டரில் இனி பில் போட ஒன்றுமில்லை. பில் போட வேண்டியவை என்ற பட்டியலிலிருந்தே ஆர்டர் காணாமல் போய்விட்டது. எங்கள் கணக்காளர் தினமும் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். மாதக் கடைசியில் கோடவுனை எண்ணும்போது டிஸ்க் 4 குறைந்தது. திருட்டோ என்று இரண்டு நாள் ஆட்களைக் கேள்வி கேட்டோம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பிறகு சலான் கட்டில்தான் விஷயம் வெளிவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஆர்டர்களைத் தேடினால், இதே மாதிரி இன்னும் மூன்று.

அதில் ஒன்றைப் பார்த்ததும்தான் இது ஸ்டோர் கீப்பரின் பிழை மட்டுமில்லை என்று புரிந்தது. 10 செட், எல்லாமே போயிருக்கிறது, கனெக்டர் மட்டும் 79. பையைப் பிரித்து எண்ணியபோது ஒன்று உடைந்திருந்ததால் உள்ளதை உள்ளபடி 79 என்று குறித்திருக்கிறார். 79ஐ 8ஆல் வகுத்தால் 9 முழு செட், மீதியைக் கணக்கு தள்ளிவிடும். ஒரு கனெக்டருக்காக 100 மதிப்புள்ள முழு செட் பில்லாகாமல் நின்றது. நேர்மையாக எண்ணிக் குறித்தவருக்கு நடந்தது இது.

அமைத்துக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டோம். ஒரே நாளில் தீர்வு தந்தார்கள்: பில்லை டெலிவரிப்படி எடுக்காமல் ஆர்டர்படி எடுக்கும்படி அமைப்பை மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரமே இரண்டு வாடிக்கையாளருக்கு, ஒரு பெட்டிகூடப் போய்ச் சேராத ஆர்டருக்கு முழு பில் போய்விட்டது. ஒருவர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. நோயை மாற்றி வைத்துவிட்டு மருந்து என்று சொன்னார்கள் என்பதுதான் என் முக்கியமான புகார். இதைக் கேட்டபோது, பகுதி டெலிவரிக்குத் தனி நிரல் எழுத வேண்டும் என்று புதிதாக ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார்கள்.

அடுத்தது திரும்பி வரும் பொருள். ஒரு கேமரா பழுது, மாற்றித் தர வேண்டும். திரும்பல் சீட்டு போட்டோம். கேமரா 40 இப்போது 39, 4ஆல் வகுத்தால் 9. உடனே மென்பொருள் ஒரு முழு செட்டுக்குக் கிரெடிட் நோட் போடத் தயாராகிவிட்டது. கணக்காளர் கவனித்து நிறுத்தினார். மாற்றுக் கேமராவை அதே ஆர்டரின் கீழ் அனுப்பியதாகக் குறித்தால் எண்ணிக்கை மறுபடி 10 ஆகிவிடும். அல்லது திரும்பல் சீட்டிலேயே, இது ஆர்டரில் உள்ள டெலிவரி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். எங்கள் பதிப்பில் அந்த டிக் இருந்தது. ஒரு நிமிட விஷயம், ஆனால் நாங்களாகத் தேடித்தான் கண்டுபிடித்தோம்.

மாற்று வேண்டாம், ஒரு டிஸ்க்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டபோது உண்மையிலேயே திணறினோம். செட்டுக்கு விலை 100 என்று ஒரே எண் இருக்கிறது, டிஸ்க்குக்கு எவ்வளவு? தனியாக விற்றால் கேமரா நான்கும் 60, ரெக்கார்டர் 30, டிஸ்க் 20, பவர் சப்ளை 10, கனெக்டர் 5, மொத்தம் 125. வாடிக்கையாளர் 20 கேட்டார். அவர் வாங்கியது தள்ளுபடி விலையில். அந்தத் தள்ளுபடியைப் பகிர்ந்தால் டிஸ்க்கின் பங்கு 125இல் 20, அதாவது 100க்கு 16. தனி விலைகளின் விகிதத்தில் பிரிப்பதுதான் கணக்கியல் முறையும். 2018 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 15 பொதுவாகச் சொல்வது இதைத்தான். இந்தப் பங்குக் கணக்கை நாங்கள் ஒரு தாளில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம், ஏனென்றால் செட்டுக்கு ஒற்றை விலை வைத்த அமைப்பில் இந்த 16 எங்குமே இல்லை.

அதே கணக்கை முதல் ஆர்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டியில் போகாதது 4 டிஸ்க், 64. போனது 936. பில் ஆனது 600. 336 மதிப்புள்ள பொருள், பில் இல்லாமல் வாடிக்கையாளர் இடத்தில் இருந்தது.

புதிய நிரலுக்குப் பணம் கொடுக்கவில்லை. அமைப்பை நாங்களே மாற்றிக்கொண்டோம். எப்போதும் தட்டுப்படும் டிஸ்க்கைச் செட்டிலிருந்து எடுத்து, ஆர்டரில் தனி வரியாக, தனி விலையோடு போடுகிறோம். கனெக்டரை 8 எண்ணிச் சீல் வைத்த பாக்கெட்டாக்கி, பாக்கெட் 1 என்று ஸ்டாக்கில் வைத்திருக்கிறோம். 79 இனி வராது. செட் உள்ள ஆர்டருக்கு எல்லாம் தயாரான பிறகே அனுப்பு என்ற டெலிவரி முறையை வைத்தோம். அவசரம் என்றால் மேலாளர் மட்டும் அதை மாற்றலாம். பில் மறுபடி டெலிவரிப்படியே வருகிறது. அப்புறம், மாதம் ஒருமுறை கணக்காளர் ஒரு பட்டியல் எடுக்கிறார்: ஆர்டர் எண்ணிக்கையைவிட டெலிவரி எண்ணிக்கை குறைவு, ஆனால் நிலுவைச் சீட்டு எதுவும் இல்லை. போன மாதம் அதில் ஒரே ஒரு வரி வந்தது, வாடிக்கையாளரே குறைத்துக்கொண்ட ஆர்டர்.

நீங்கள் டெமோ பார்க்கப் போனால் 10 செட் ஆர்டர் போடச் சொல்லுங்கள். ஒரு உதிரியில் மட்டும் ஒன்றைக் குறைத்து டெலிவரி குறிக்கச் சொல்லுங்கள், நிலுவைச் சீட்டு வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள். பிறகு பில் எடுக்கச் சொல்லி, 10 காட்டுகிறதா 9 காட்டுகிறதா, அந்த ஆர்டர் இப்போது எந்தப் பட்டியலில் தெரிகிறது என்று கேளுங்கள். அடுத்து ஒரு உதிரியைத் திருப்பச் சொல்லி, கிரெடிட் நோட்டில் என்ன தொகை வருகிறது என்று பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். அங்கேயே செய்து காட்டாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள், நாங்கள் கொடுத்தோம். நான்கு ஆர்டரில் மூன்றுக்குப் பணம் வந்துவிட்டது. நான்காமவர், பில் இல்லாமல் வந்த பொருளுக்கு இத்தனை நாள் கழித்து ஏன் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.