கட்டுமானக் காலத்தில் வட்டி மட்டுமா, முழு இஎம்ஐயா? ஒரே கடனில் மூன்று வழிகளின் கணக்கு

சொந்த மனையில் வீடு கட்ட வங்கியில் கடன் வாங்கினால் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சுவேலை என்று வேலை நகர நகரத்தான் தவணை தவணையாக விடுவிப்பார்கள். முதல் தவணை வந்த மாதமே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அப்போது கேட்பார்கள்: வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் கட்டுகிறீர்களா (ப்ரீ-இஎம்ஐ), இல்லை முழுக் கடனுக்கான இஎம்ஐயை இப்போதே தொடங்கிவிடலாமா?

முழு இஎம்ஐ கட்டினால் பல லட்சம் மிச்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் பதில். கணக்குப்படி அது தப்பில்லை. ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முடிவெடுத்தால், கட்டடம் பாதியில் நிற்கும்போது கையில் காசு இருக்காது.

ஓர் உதாரணம். வீட்டின் மதிப்பீடு 50 லட்சம். சொந்தப் பணம் 10 லட்சம், கடன் 40 லட்சம், வட்டி 8.5%, காலம் 20 ஆண்டு. இஎம்ஐ சுமார் 34,713 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒரு முறை 10 லட்சம் வீதம் நான்கு தவணை. 12 மாதம் கழிந்ததும் கடைசித் தவணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வட்டி மட்டும் கட்டுபவர் முதல் நான்கு மாதம் 7,083, அடுத்த நான்கு மாதம் 14,167, அதற்கடுத்த நான்கு மாதம் 21,250 கட்டுவார். மொத்தம் 1,70,000 ரூபாய். அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. 13ஆம் மாதம் முழு 40 லட்சத்துக்கும் இஎம்ஐ தொடங்கும்.

முழு இஎம்ஐ கட்டுபவர் அதே 12 மாதத்தில் 4,16,556 ரூபாய் கட்டியிருப்பார். வட்டி என்னவோ எடுத்த பணத்துக்கு மட்டும்தான். மீதியெல்லாம் அசலில் கழியும். அதனால் கடைசித் தவணையும் வந்தபின் அவர் பாக்கி 40 லட்சமல்ல, சுமார் 37.42 லட்சம். இஎம்ஐ மாறாமல் போனால் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு முன்னதாகவே கடன் முடியும். மொத்தமாகக் கட்டும் தொகையில் வித்தியாசம் 9.9 லட்சம்.

இப்போது மூன்றாவது வழி. வட்டி மட்டும் கட்டுங்கள். ஆனால் முழு இஎம்ஐக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். 12 மாதத்தில் 2,46,556 ரூபாய் சேரும். வீடு முடிந்ததும் அதை அப்படியே அசலில் கட்டினால் பாக்கி சுமார் 37.53 லட்சம்.

| வழி | 12 மாதத்தில் கையை விட்டுப் போவது | அதன்பின் பாக்கி | அதன்பின் ஓடும் மாதங்கள் |
|---|---|---|---|
| வட்டி மட்டும் | 1.70 லட்சம் | 40 லட்சம் | 240 |
| முழு இஎம்ஐ | 4.17 லட்சம் | 37.42 லட்சம் | சுமார் 204 |
| வட்டி + கடைசியில் மொத்தமாக | 4.17 லட்சம் | 37.53 லட்சம் | சுமார் 206 |

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பாக்கியில் உள்ள வித்தியாசம் சுமார் 11,500 ரூபாய்தான். தனிக் கணக்கில் கிடைக்கும் வட்டி அதிலும் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆக, 9.9 லட்சம் மிச்சமாவது முழு இஎம்ஐ என்ற திட்டத்தின் மகிமையால் அல்ல. இரண்டரை லட்சத்தை முன்கூட்டியே அசலில் கட்டியதால். அந்தப் பணத்தை ஓராண்டு கையிலேயே வைத்திருக்க நீங்கள் கொடுக்கும் விலைதான் அந்தப் 11,500.

அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. காரணம், தவணை விடுவிக்கும் முறை. லிண்டல் மட்டம் வந்துவிட்டது, இரண்டாம் தவணை கேட்கிறீர்கள். உங்கள் 10 லட்சமும் வங்கியின் 10 லட்சமும் செலவாகிவிட்டன. வங்கி அனுப்பும் இன்ஜினியர் வந்து பார்த்து, எழும்பி நிற்கும் வேலையின் மதிப்பு 17 லட்சம் என்று எழுதுகிறார். போர்வெல், பிளான் அப்ரூவல் கட்டணம், ஜன்னலுக்கு ஆசாரியிடம் கொடுத்த அட்வான்ஸ், இறக்கி வைத்த கம்பி இவையெல்லாம் பெரும்பாலும் அந்த மதிப்பில் சேராது. இன்னும் 3 லட்சத்துக்கு வேலை தெரிந்தால்தான் அடுத்த தவணை என்பார்கள். மேஸ்திரிக்கு வாரக்கூலி நிற்கக் கூடாது. முழு இஎம்ஐ கட்டியவரிடமிருந்து அந்த நான்கு மாதத்தில் கூடுதலாக 1.1 லட்சம் அசலுக்குப் போயிருக்கும். சாதாரண வீட்டுக் கடனில் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவசரத்துக்கு பர்சனல் லோன் வாங்கினால், மிச்சம் பிடிக்க நினைத்ததை அதன் வட்டி தின்றுவிடும். ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் என்றால் கூடுதலாகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். அங்கே இந்தக் கவலை குறைவு.

மூன்றாவது வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வித்தியாசத்தை உண்மையிலேயே எடுத்து வைக்க வேண்டும். சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போய்விடும். அப்படிப் போகும் என்று தெரிந்தவர்களும், கட்டுமானச் செலவுக்கு வேறு கையிருப்பு உள்ளவர்களும் முழு இஎம்ஐயையே தேர்ந்தெடுக்கட்டும். எல்லா வங்கியும் முழு இஎம்ஐ வசதியைத் தானாகத் தராது. எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

மொத்தமாகக் கட்டும் நாளில் இரண்டு விஷயம். தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டியதற்கான அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்னொன்று, ‘இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்’ என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இஎம்ஐயைக் குறைத்துவிட்டால் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

வட்டிகூடக் கட்டாமல் வீடு முடியும்வரை தள்ளிப்போடும் வசதியும் சில இடங்களில் உண்டு. அந்த வட்டி அசலில் ஏறும். மேற்சொன்ன கடன் 41.75 லட்சமாகி இஎம்ஐ 1,500 ரூபாய்க்கு மேல் கூடும். வாடகையும் வட்டியும் சேர்ந்து தாங்கவே முடியாத நிலையில் மட்டும் யோசிக்கலாம்.

வரிச்சலுகைக்காக வட்டி மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வரி முறையில், கட்டுமானக் கால வட்டியை வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பங்காகக் கழிக்கலாம். நம் 1.70 லட்சத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 34,000. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு எல்லாம் சேர்த்தே உச்சவரம்பு 2 லட்சம். 40 லட்சம் கடனில் இஎம்ஐயின் முதல் ஆண்டு வட்டி மட்டுமே 3.37 லட்சம். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அந்த 34,000 வீண். கணவன், மனைவி இருவரும் வீட்டுக்கு உரிமையாளராகவும் கடனில் கூட்டாகவும் இருந்து இருவரும் கட்டினால் ஆளுக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். அப்போது இது உள்ளே அடங்கும். முழு இஎம்ஐயில் கட்டுமானத்தின்போது கழிந்த அசலுக்குச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை.

எந்த வழியானாலும் தவணையைத் தேவைக்கு முன் எடுக்காதீர்கள். 10 லட்சம் ஒரு மாதம் சும்மா கிடந்தால் 7,083 ரூபாய் போகும். பணம் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியிருக்கிறது. ஸ்டேட்மென்டில் அந்தத் தேதியைச் சரிபாருங்கள். கடைசித் தவணை வேண்டாம் என்று முடிவானால் சும்மா விட்டுவிடாதீர்கள். 30 லட்சத்துக்கு மாதம் 21,250 வட்டி போய்க்கொண்டே இருக்கும், அசல் அசையாது. எடுத்த தொகையையே மொத்தக் கடனாக வைத்து இஎம்ஐயைத் தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.