தேனீ எண்ணும் வீடியோ: மதியம் இரண்டு மணி நெரிசலை அப்படியே நம்ப வேண்டாம்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நியூட்டன் பெட்டிகள் வைத்திருக்கிறேன், எல்லாம் நம்ம இந்தியத் தேனீதான். ஒரு பெட்டி வாசலுக்கு மேலே பழைய மொபைலைக் கவிழ்த்துக் கட்டி, மணிக்கு ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, உள்ளே போகும் தேனீக்களை ஒரு சின்ன பைதான் நிரலால் எண்ணுவது ரொம்ப நாளாக நடக்கிறது.

வாசல் பலகையில் குறுக்கே இரண்டு கற்பனைக் கோடுகள். வெளிக்கோட்டைத் தாண்டி, அப்புறம் உள்கோட்டையும் தாண்டினால்தான் உள்வரவு ஒன்று கூடும். ஒரே கோடு என்றால் காவல் தேனீ அதன் மேல் இப்படியும் அப்படியும் நடந்தே கணக்கை ஏற்றிவிடும். தலை எந்தப் பக்கம் என்று பார்த்துத் திசை சொல்லும் நிரல் இங்கே வேண்டாம். வெயிலில் வாசலில் நின்று சிறகு விசிறும்போது இத்தாலியத் தேனீ வாசலைப் பார்த்து நிற்கும், நம்ம தேனீ வெளிப்பக்கம் பார்த்து நிற்கும், நிரல் அதை வெளியே போவதாக எண்ணிவிடும்.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு: காலையில் வெளியே போவது அதிகம், சாயங்காலம் உள்ளே வருவது அதிகம், முழு நாளுக்கும் கூட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வரவேண்டும். எனக்கு வெளிப்போக்கு எப்போதும் குறைந்தே வந்தது. திரும்பி வரும் தேனீ தயங்கி இறங்கும், கிளம்புவதோ அம்பாகப் பாயும். நொடிக்கு மூன்று மீட்டர் என்றால் 30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்குப் பத்து செ.மீ., இரண்டு கோட்டையும் ஒரே தாவலில் கடந்துவிடும். 60 பிரேமுக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தைக் கூட்டி, கோடுகளை வாசலை ஒட்டி நகர்த்தியதும் வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காப்பி பூத்திருந்த ஒரு வெயில் நாளில் காலை எட்டு மணி கிளிப்பில் உள்வரவு 140, அதில் மகரந்தத்தோடு 60. மதியம் இரண்டு மணிக்கு உள்வரவு 310, மகரந்தம் பத்துகூட இல்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், இளம் தேனீக்கள் பெட்டியைப் பார்த்தபடி இடம் வலமாக ஆடி, வட்டம் போட்டு, வீட்டு அடையாளம் பழகிக்கொண்டு திரும்ப உள்ளே போகின்றன. கால் மணி நேர ஆட்டம். ஐந்து நிமிட மாதிரி அதன் மேல் விழுந்தால் உழைப்பு இரட்டிப்பானது மாதிரி தெரியும். ஒன்றரை நொடிக்கு மேல் வாசல் முன் மிதக்கும் தேனீயைத் தனிக்கணக்கில் தள்ளினேன், 310 சுமார் 170 ஆனது. தள்ளியது வீணில்லை, சில வாரம் முன்பு ராணி நன்றாக முட்டையிட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

நான் நம்புவது காலை மகரந்த எண்ணிக்கையைத்தான், அதைக் கண்ணால்தான் எண்ணுகிறேன். ஒரு முறை மொத்த வரவு குறையாமல் மகரந்தம் மட்டும் படிப்படியாக நின்றது, திறந்தால் அடையில் முட்டையே இல்லை, மகரந்தம் ஊட்ட புழுவும் இல்லை. ஆனால் மூடுபனி நாளை வெயில் நாளோடு ஒப்பிடாதீர்கள், பக்கத்துப் பெட்டியும் அதே மணிக்குக் குறைந்திருந்தால் அது வானிலை.